பத்து லட்சத்தில் மூன்று போனால் ஏழா? காப்பீட்டுக் கடிதங்களுக்குத் தமிழ்ச் சொல் தேடியபோது

மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் வாடிக்கையாளர்களுக்குப் போகும் தமிழ்க் கடிதங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. க்ளெய்ம் ஏற்கப்பட்டது, ஒரு பகுதி ஏற்கப்பட்டது, நிராகரிக்கப்பட்டது, புதுப்பிக்கும் நாள் நெருங்குகிறது என்று எல்லாவற்றுக்கும் வார்ப்புக் கடிதங்கள் உண்டு. நான் சேர்ந்தபோது அவை பல வருடங்களில் பல கைகள் மொழிபெயர்த்தவையாக இருந்தன. செலவின் ஆரம்பத்தில் பாலிசி ஏற்காத பகுதியான டிடக்டிபிள் ஒரு கடிதத்தில் ‘கழிவுத் தொகை’, இன்னொன்றில் ‘விலக்குத் தொகை’, மூன்றாவதில் ‘பிடித்தம்’. வாசகர் எந்தக் கடிதத்தைப் படித்தாலும் அதில் என்ன சொல்லியிருக்கிறது என்று விளங்க வேண்டும், முந்தைய கடிதத்தோடு அது ஒத்துப்போகவும் வேண்டும். இரண்டும் நடக்கவில்லை.

எங்கள் சொற்பட்டியல் முழுவதையும் இங்கே கொட்டப்போவதில்லை. மூன்றே சொற்களை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அழைப்பு மையத்துக்கு வந்த குழப்பங்களில் பெரும்பகுதி இந்த மூன்றைச் சுற்றியே இருந்தது: பாலிசி கொடுக்கக்கூடிய பணத்தின் எல்லையான சம் இன்ஷூர்டு, டிடக்டிபிள், பாலிசியில் வராதவற்றைக் குறிக்கும் எக்ஸ்குளூஷன்.

ஈரோட்டுப் பக்கத்தில் விசைத்தறி வைத்திருக்கும் ஒருவரின் கடிதத்திலிருந்து தொடங்குகிறேன். அவருக்கு ஏற்கெனவே 3 லட்ச ரூபாய்க்கு ஒரு சாதாரண மருத்துவப் பாலிசி இருந்தது. அதற்கு மேலே எங்களிடம் ஒரு சூப்பர் டாப்-அப் பாலிசி எடுத்திருந்தார். அதன் சம் இன்ஷூர்டு 10 லட்சம், டிடக்டிபிள் 3 லட்சம். அந்தப் பாலிசி ஆண்டில் அவர் மனைவி இரண்டு முறை மருத்துவமனையில் சேர்ந்தார். முதல் முறை ஏற்கத்தக்க செலவு 2,20,000 ரூபாய். அதை அடிப்படைப் பாலிசியே கொடுத்துவிட்டது. இரண்டாம் முறை பில் 4,22,000 ரூபாய். அதில் கையுறை, பதிவுக் கட்டணம் போன்று பாலிசி ஏற்காத இனங்கள் 12,000. மீதி 4,10,000.

சூப்பர் டாப்-அப்பில் டிடக்டிபிளை ஆண்டு முழுவதற்குமான செலவைக் கூட்டித்தான் பார்ப்பார்கள். 2,20,000-ஐயும் 4,10,000-ஐயும் கூட்டினால் 6,30,000. அதில் 3 லட்சத்தைத் தாண்டிய 3,30,000-ஐ எங்கள் பாலிசி கொடுக்க வேண்டும், கொடுத்தது. அடிப்படைப் பாலிசியில் மீந்திருந்த 80,000-உம் சேர்ந்தபோது இரண்டாவது பில்லின் 4,10,000 முழுவதும் வந்துவிட்டது. அவர் கையிலிருந்து போனது 12,000 மட்டும். (இதுவே சாதாரண டாப்-அப்பாக இருந்திருந்தால் டிடக்டிபிள் ஒவ்வொரு க்ளெய்முக்கும் தனித்தனியாக வரும். 4,10,000-இல் 3 லட்சம் போக 1,10,000தான் கிடைத்திருக்கும்.)

கணக்கில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அவருக்குப் போன கடிதத்தில் இருந்த வரிகள் இவை: ‘காப்பீட்டுத் தொகை ரூ.10,00,000. கழிவுத் தொகை ரூ.3,00,000. இதர கழிவுகள் ரூ.12,000. வழங்கப்படும் காப்பீட்டுத் தொகை ரூ.3,30,000.’

அவர் போனில் கேட்டதை அப்படியே சொல்கிறேன். “மேடம், பத்துல மூணு போனா ஏழுதானுங்க எனக்கு? அதுல மூணு முப்பது குடுத்துட்டீங்க. அப்ப இன்னும் மூணு எழுவதுதான் மிச்சங்களா? நாங் கட்டுனது பத்துக்குத்தானுங்களே?”

அவருக்கு உண்மையில் மீந்திருந்தது 6,70,000. டிடக்டிபிள் செலவிலிருந்து கழிக்கப்படுவது. சம் இன்ஷூர்டிலிருந்து கழிக்கப்படுவதில்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ தந்திருக்கும் வரையறையிலேயே, டிடக்டிபிள் சம் இன்ஷூர்டைக் குறைக்காது என்று தனி வாக்கியமாக இருக்கிறது. ஆங்கிலத்தில் படிப்பவருக்கே அதைச் சொல்ல வேண்டியிருந்திருக்கிறது. நம் கடிதமோ ‘தொகை’ என்று ஒரு வரியும் ‘கழிவு’ என்று அடுத்த வரியும் போட்டு, கழித்துப் பார்க்கும்படி வாசகரை அழைத்திருந்தது. ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு எண்கள், கீழ் எண்ணின் பெயர் கழிவு. யாராக இருந்தாலும் கழிக்கத்தான் செய்வார்கள்.

அந்தக் கடிதத்தில் அடுத்த பிரச்சினை, ‘காப்பீட்டுத் தொகை’ இரண்டு இடத்தில் இரண்டு பொருளில் வந்திருப்பது. மேலே அது உச்சவரம்பு, கீழே அது கொடுக்கப்படும் பணம். இதை எழுதியவரின் அலட்சியம் என்று நான் சொல்ல மாட்டேன். தமிழில் அந்தச் சொல் அப்படித்தான் புழங்குகிறது. ‘விவசாயிகளுக்குப் பயிர்க் காப்பீட்டுத் தொகை வழங்கப்பட்டது’ என்று செய்தி வந்தால் அது இழப்பீடு. ‘பயிர்க் காப்பீட்டுத் தொகை செலுத்த நாளை கடைசி நாள்’ என்று வந்தால் அது பிரீமியம். பாலிசியின் முகப்பில் அச்சாகியிருந்தால் அது சம் இன்ஷூர்டு. கட்டுவது, வருவது, வரக்கூடியதன் எல்லை என்று மூன்றுக்கும் ஒரே பெயர். பேச்சில் இடம்பார்த்து விளங்கிக்கொள்கிறோம். பண விவரம் தரும் கடிதத்தில் அது முடியாது.

அதனால் சொல் தேர்வுக்கு நாங்கள் வைத்துக்கொண்ட முதல் கேள்வி ‘இது ஆங்கிலச் சொல்லுக்குச் சரியான நிகரா?’ என்பதாக இருக்கவில்லை. ‘இந்தச் சொல் வாசகரின் அன்றாடத்தில் ஏற்கெனவே வேறு எதைக் குறிக்கிறது?’ என்பதுதான் கேள்வி. அகராதியைப் பார்த்தால் ‘காப்பீட்டுத் தொகை’யில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இந்தக் கேள்வியில் அது தேறவில்லை.

சம் இன்ஷூர்டுக்குக் ‘காப்பீட்டு உச்சவரம்பு’ என்று முடிவு செய்தோம். ‘தொகை’ என்றால் கைக்கு வரும் பணம் என்று மனசு எடுத்துக்கொள்கிறது. ‘உச்சவரம்பு’ என்றதும் இதற்கு மேல் போகாது, ஆனால் இவ்வளவும் வந்தே தீரும் என்றும் இல்லை என்பது சொல்லாமலே விளங்குகிறது. நில உச்சவரம்புச் சட்டம் கிராமத்துக்கும் தெரிந்த பெயர் என்பதால் சொல் புதிதாகவும் இல்லை. அறை வாடகைக்கும் கண்புரை அறுவைச் சிகிச்சைக்கும் பாலிசிக்குள்ளேயே தனி எல்லைகள் இருக்குமே, அவற்றுக்கு ‘உள்வரம்பு’ என்று வைத்தோம். இரண்டு சொற்களும் ஒரே வேரில் நிற்பதால் அவற்றின் உறவும் தெரிகிறது. ‘காப்பீட்டுத் தொகை’ என்ற சொல்லை எந்தப் பொருளிலும் பயன்படுத்துவதில்லை என்று தடை போட்டோம். கட்டுவது ‘பிரீமியம்’, வருவது ‘க்ளெய்ம் பணம்’. இந்த இரண்டையும் ஊரெல்லாம் அப்படித்தான் சொல்கிறது.

டிடக்டிபிள் எங்களை நீண்ட நாள் இழுத்தடித்தது. ‘கழிவு’ ஏன் ஆகாது என்பதை மேலே பார்த்தோம். அது தள்ளுபடி என்றும் பொருள்படும். இலங்கைத் தமிழர்களுக்கு ‘விலைக்கழிவு’ என்றாலே கடை தரும் தள்ளுபடிதான். பாலிசி விவரத்தில் ‘கழிவுத் தொகை ரூ.3,00,000’ என்று பார்த்துவிட்டுத் தனக்கு ஏதோ சலுகை என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். ‘பிடித்தம்’ என்றால் சம்பளப் பிடித்தம். தவிர, க்ளெய்ம் கடிதத்தில் வேறு வகையில் குறைக்கப்படும் பணமும் வருகிறது. அந்த 12,000 அப்படிப்பட்டதுதான். அதையும் டிடக்டிபிளையும் ஒரே பெயரில் அழைத்தால் எது பாலிசி எடுத்தபோதே ஒப்புக்கொண்டது, எது பில்லைப் பார்த்து நீக்கியது என்று பிரிக்க முடியாது. பிரிக்க முடியாவிட்டால் எதை எதிர்த்துக் கேட்கலாம் என்பதும் அவருக்குத் தெரியாது. அந்த இனங்களைப் ‘பில்லில் ஏற்கப்படாத இனங்கள்’ என்று தனியாக எழுதுகிறோம்.

குழுவில் பலருக்குப் பிடித்திருந்த சொல் ‘நீங்கள் ஏற்கும் தொகை’. கேட்க நன்றாக இருக்கிறது, நேராகவும் இருக்கிறது. விசைத்தறிக்காரரின் கடிதத்தில் அதைப் பொருத்திப் பார்த்ததும் நின்றுவிட்டது. அவருடைய 3 லட்சத்தை அவர் ஏற்கவே இல்லை. அடிப்படைப் பாலிசி ஏற்றது. டிடக்டிபிள் என்பது இந்தப் பாலிசி எதைத் தராது என்பதை மட்டும் சொல்கிறது. அந்தப் பணம் யார் பையிலிருந்து வருகிறது என்பது அதன் கவலை இல்லை. ‘நீங்கள் ஏற்கும் தொகை ரூ.3,00,000’ என்று போட்டிருந்தால், முதல் பாலிசியில் க்ளெய்ம் கேட்க உரிமையில்லை போலிருக்கிறது என்று நினைத்து சிலர் அந்தப் பணத்தையே கேட்காமல் விட்டிருப்பார்கள். சொல் ஒன்றை முடிவு செய்யும் முன் நிஜமான க்ளெய்ம் ஒன்றின் எண்களோடு அதை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்ற வழக்கம் அன்று முதல் எங்களுக்கு வந்தது. ஒரு க்ளெய்ம் போதாது. அடிப்படைப் பாலிசி ஒன்று, சூப்பர் டாப்-அப் ஒன்று, செலவில் ஒரு சதவீதத்தை வாடிக்கையாளரே ஏற்கும் கோ-பே உள்ளது ஒன்று என்று எடுத்துக்கொள்கிறோம்.

கடைசியில் ‘டிடக்டிபிள்’ என்றே வைத்தோம். தமிழ்ச் சொல்லுக்காக வாதாடியவர்களில் நானும் ஒருத்தி. ஆனாலும் இந்த முடிவு சரி என்றே இப்போதும் நினைக்கிறேன். பாலிசி அட்டையில் அந்தச் சொல்தான் இருக்கிறது. ஏஜென்ட் அதைத்தான் சொல்லி விற்கிறார். மருத்துவமனையின் இன்ஷூரன்ஸ் டெஸ்க்கில் அதைத்தான் கேட்கிறார்கள். நாங்கள் புதிதாகக் கட்டிய சொல்லோடு அவர் அங்கே போய் நின்றால் எதிரில் இருப்பவருக்கு விளங்காது. ஆனால் சொல்லை மட்டும் போட்டுவிட்டு நகர்வதில்லை. ஒவ்வொரு கடிதத்திலும் முதல் முறை வரும்போது மாறாத ஒரே விளக்கம் கூடவே வரும்: ‘டிடக்டிபிள்: செலவில் இந்தப் பாலிசி ஏற்காத ஆரம்பப் பகுதி. இது உங்கள் காப்பீட்டு உச்சவரம்பைக் குறைக்காது.’ இரண்டாவது வாக்கியத்தை இடம் போதவில்லை என்று வடிவமைப்பாளர்கள் எடுக்கப் பார்ப்பார்கள். அந்த வாக்கியத்துக்காகச் சண்டை போடலாம்.

எண்கள் நிற்கும் வரிசையையும் மாற்றினோம். உச்சவரம்பு மேலே தனிப் பெட்டியில் போய்விட்டது. கணக்கு, பில்லிலிருந்து தொடங்குகிறது: இந்த ஆண்டு இதுவரை ஏற்கத்தக்க செலவு 6,30,000, டிடக்டிபிள் 3,00,000, க்ளெய்ம் பணம் 3,30,000. அதற்குக் கீழே, இந்தப் பாலிசி ஆண்டில் உச்சவரம்பில் மீதி 6,70,000. எது எதிலிருந்து போகிறது என்பதைச் சொல்லைவிட எண்கள் நிற்கும் இடமே அதிகம் சொல்லிவிடுகிறது.

கோ-பே உள்ள பாலிசிகளில் இந்த வரிசை பணத்தையே மாற்றும். ஏற்கத்தக்க செலவு 2,28,000, டிடக்டிபிள் 50,000, கோ-பே 10 சதவீதம் என்று வையுங்கள். முதலில் டிடக்டிபிளை எடுத்தால் 1,78,000, அதில் பத்து சதவீதம் போக 1,60,200. முதலில் கோ-பேயை எடுத்தால் 2,05,200, அதில் 50,000 போக 1,55,200. ஐயாயிரம் ரூபாய் வித்தியாசம். எது முதலில் என்று பாலிசியின் நிபந்தனை சொல்லும். கடிதத்தில் அந்த வரிசை அப்படியே தெரிய வேண்டும், மொழிபெயர்ப்பாளர் வாக்கிய ஓட்டத்துக்காக அதை மாற்றக்கூடாது.

மூன்றாவது சொல்லான எக்ஸ்குளூஷனுக்கு வருகிறேன். எங்கள் பழைய கடிதங்களில் அது ‘விலக்கு’. கண்புரை அறுவைச் சிகிச்சைக்குக் க்ளெய்ம் கேட்ட ஒரு அம்மாவுக்குப் போன கடிதத்தில் இப்படி ஒரு வரி: ‘இச்சிகிச்சைக்குத் தங்கள் பாலிசியில் விலக்கு அளிக்கப்பட்டுள்ளது.’ அவர் மகன் அதைப் படித்துவிட்டு, பணம் எப்போது கணக்கில் ஏறும் என்று கேட்டு அழைத்தார். வரிவிலக்கு, கட்டண விலக்கு, தேர்வுக் கட்டணத்தில் விலக்கு என்று தமிழில் விலக்கு அளித்தால் அது படிப்பவருக்கு நல்ல செய்தி. நிராகரிப்பைச் சொல்ல வந்த வாக்கியம் சலுகை அறிவிப்பாகப் போய்ச் சேர்ந்திருந்தது. ‘அளிக்கப்பட்டுள்ளது’ என்ற வினையும் சேர்ந்துகொண்டதால் அவர் அப்படிப் படித்ததில் வியப்பே இல்லை.

‘விதிவிலக்கு’ இன்னும் மோசம். எக்ஸ்குளூஷன்களுக்கே விதிவிலக்குகள் உண்டு. அழகுக்கான பிளாஸ்டிக் சர்ஜரி பாலிசியில் வராது. ஆனால் விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிறகான சீரமைப்பு என்றால் வரும். பாலிசி தொடங்கிய முதல் 30 நாட்களில் நோய்க்கான சிகிச்சை வராது, விபத்துக்கு வரும். இந்த ‘ஆனால்’களுக்குத்தான் விதிவிலக்கு என்ற சொல் வேண்டும். அதை எக்ஸ்குளூஷனுக்கே கொடுத்துவிட்டால் இங்கே கையில் சொல் இருக்காது.

நாங்கள் எடுத்துக்கொண்டது ‘காப்பீட்டில் அடங்காதவை’. வாக்கியத்தில் வரும்போது ‘அடங்காது’. பெயர்ச்சொல்லாகக் கட்டாமல் வினையாகவே விட்டதில் ஒரு வசதி இருந்தது. ‘அடங்கும்’, ‘அடங்காது’, ‘இன்ன தேதி முதல் அடங்கும்’ என்று காலத்தையும் அதிலேயே சொல்லிவிடலாம். இது முக்கியம், ஏனென்றால் ஐஆர்டிஏஐ 2019-இல் ஒழுங்குபடுத்திய எக்ஸ்குளூஷன்கள் Excl01 முதல் Excl18 வரை ஒரே தலைப்பின்கீழ் எண்ணிடப்பட்டிருந்தாலும் அவை ஒரே மாதிரியானவை அல்ல. முதல் மூன்றும் காத்திருப்புக் காலம்: ஏற்கெனவே உள்ள நோய், குறிப்பிட்ட சில நோய்கள், முதல் 30 நாட்கள். காலம் முடிந்தால் அவை தாமாக விலகிவிடும். மற்றவை பாலிசி இருக்கும்வரை இருக்கும். எல்லாவற்றையும் ‘விலக்கு’ என்று எழுதினால், சர்க்கரை நோயுள்ளவர் தனக்கு இது ஒருநாளும் கிடைக்காது என்று நினைத்து, இன்னும் ஆறு மாதத்தில் காத்திருப்பு முடியவிருந்த பாலிசியைப் புதுப்பிக்காமல் விட்டுவிடுவார். அப்படி விட்டவர்களோடு நான் பேசியிருக்கிறேன். வேறு நிறுவனத்தில் புதிதாக எடுத்தால் காத்திருப்பு முதலிலிருந்து தொடங்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. பழைய பாலிசியையே முறைப்படி அந்த நிறுவனத்துக்கு மாற்றினால், அதாவது போர்ட் செய்தால்தான் கடந்த காலம் கணக்கில் வரும்.

அந்தக் கண்புரைக் கடிதத்தை இப்போது எழுதினால் இப்படி இருக்கும்: ‘உங்கள் பாலிசி தொடங்கிய நாள் 10.06.2023. கண்புரை அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருப்புக் காலம் 24 மாதங்கள். 19.08.2024 அன்று செய்த சிகிச்சை அந்தக் காலத்துக்குள் வருவதால் இந்தக் க்ளெய்மை ஏற்க இயலவில்லை (Excl02). பாலிசியை இடைவெளியின்றிப் புதுப்பித்துவந்தால், 10.06.2025 முதல் கண்புரை அறுவைச் சிகிச்சை உங்கள் காப்பீட்டில் அடங்கும்.’ குறியீட்டை மொழிபெயர்க்காமல் அப்படியே விடுகிறோம். பாலிசி ஆங்கிலத்தில் இருக்கிறது, அந்த ஷரத்தைத் தேடிக் கண்டுபிடிக்க அவருக்கோ அவருக்காகப் படிப்பவருக்கோ அதுதான் வழி. நிராகரித்தால் எந்த நிபந்தனையின்படி என்று சொல்லியாக வேண்டும் என்பது விதியும்கூட. காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போனாலும் அங்கே முதலில் பார்ப்பது இதைத்தான். ஒரு எச்சரிக்கை: அந்த ‘முதல் அடங்கும்’ தேதியைக் கடிதம் எழுதுபவர் விரல்விட்டு எண்ணக்கூடாது. போர்ட் செய்தவருக்கும், நடுவில் உச்சவரம்பைக் கூட்டியவருக்கும் தேதி வேறாக இருக்கும். கணினியில் பதிவான தேதி தானாக வந்து விழ வேண்டும், அது இல்லாவிட்டால் அந்த வாக்கியத்தை விட்டுவிட வேண்டும்.

சொல்லைத் தேர்ந்த பிறகு அதை எல்லா இடத்திலும் நிலைக்க வைப்பதில் தமிழுக்கே உரிய ஒரு தொல்லை உண்டு. ‘காப்பீட்டுத் தொகை’யை நீக்கிவிட்டோமா என்று கோப்புகளில் தேடினால் ‘காப்பீட்டு தொகை’ என்று ஒற்று விட்டு எழுதியது அகப்படாது, ‘காப்பீட்டுத்தொகை’ என்று சேர்த்து எழுதியதும் அகப்படாது. அதனால் முழுச் சொல்லைத் தேடாமல் ‘காப்பீட்டு’ என்ற முன்பகுதியை மட்டும் தேடி, வந்த ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்தோம். அலுப்பான வேலை, ஆனால் குறுக்கு வழி கிடைக்கவில்லை. பட்டியலில் ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் ‘எழுதக்கூடாதவை’ என்று ஒரு பத்தி வைத்து, பழைய வடிவங்களை எல்லாப் பிழைகளோடும் அதில் போட்டிருக்கிறோம். புதிதாக வரும் மொழிபெயர்ப்பாளர் சரியான சொல்லைவிட அந்தப் பத்தியைத்தான் அதிகம் பார்க்கிறார்.

கடிதம் விளங்குகிறதா என்று சோதிப்பதற்கு, காப்பீட்டு வேலையில் இல்லாத ஆட்களிடம் கொடுக்கிறோம். கேன்டீன் அக்கா, வாசலில் இருக்கும் அண்ணன், கூரியர் கொண்டுவருபவர். “புரியுதா?” என்று கேட்டால் எல்லோரும் புரிகிறது என்பார்கள், நம்மைச் சங்கடப்படுத்த விரும்பமாட்டார்கள். “இந்த லெட்டர் உங்களுக்கு வந்தா பேங்க்ல எவ்வளவு பணம் ஏறும்? அடுத்த மாசம் திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போனா எவ்வளவு வரைக்கும் கேக்கலாம்?” என்று கேட்க வேண்டும். சொல்லும் எண் சரியாக இருந்தால் கடிதம் சரி. பழைய கடிதத்துக்கு ‘மூணு எழுவது’ என்ற பதில் இங்கேயும் வந்தது.

சொற்களை மாற்றியபோது ஏற்கெனவே பழைய கடிதம் கையில் வைத்திருப்பவர்களை நினைக்க வேண்டியிருந்தது. திடீரென ‘காப்பீட்டு உச்சவரம்பு’ என்று வந்தால் பாலிசியில் எதையோ மாற்றிவிட்டார்கள் என்று சந்தேகம் வரும். அதனால் ஒரு புதுப்பிப்புச் சுற்று முடியும்வரை, ‘முந்தைய கடிதங்களில் காப்பீட்டுத் தொகை என்று குறிப்பிடப்பட்டது இதுவே. தொகையில் மாற்றமில்லை’ என்று அடிக்குறிப்பு போட்டோம். பாலிசியின் முக்கிய விவரங்களைச் சுருக்கித் தரும் வாடிக்கையாளர் தகவல் தாளை, பாலிசிதாரர் கேட்டால் அவர் மொழியில் தர வேண்டும் என்று 2024 ஜனவரி முதல் விதி இருக்கிறது. அந்தத் தாளிலும் க்ளெய்ம் கடிதத்திலும் அழைப்பு மையத்தின் பேச்சிலும் ஒரே சொல் இருக்கிறதா என்று சேர்த்துப் பார்க்க வேண்டும். தாளைத் தயாரிப்பது பெரும்பாலும் வேறு துறையாக இருக்கும், அங்கேதான் பழைய ‘விலக்கு’ ஒளிந்திருக்கும்.

இந்தச் சொற்களை ஆயுள் காப்பீட்டுக் கடிதங்களுக்கு அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே சம் அஷ்யூர்டு என்பது வரம்பு இல்லை. பாலிசிதாரர் இறந்தால் செலவுக் கணக்கு எதுவும் பார்க்காமல் கொடுப்பதாக ஒப்புக்கொண்ட பணம் அது. அதை ‘உச்சவரம்பு’ என்று எழுதினால், குடும்பத்துக்கு அதைவிடக் குறைவாகவும் கிடைக்கலாம் என்று படிக்க நேரும். வாகனக் காப்பீட்டில் டிடக்டிபிள் அப்படியே பொருந்தும். ஆனால் அங்கே அது ஒவ்வொரு க்ளெய்மிலும் எடுக்கப்படுவது, எனவே விளக்க வாக்கியத்தை அதற்கேற்ப மாற்றி எழுதிக்கொள்ள வேண்டும்.